பெயர் மறந்த படத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி? ஒரு காட்சியும் ஓரிரு முகங்களும் மட்டும் நினைவில் இருப்பவர்களுக்கு

80களிலோ 90களிலோ பார்த்த படம். பெயர் போய்விட்டது, கதையும் பாதி போய்விட்டது, ஒரே ஒரு காட்சி மட்டும் அப்படியே நிற்கிறது. அந்தப் படத்தை எப்படித் தேடுவது என்பதுதான் இந்தக் குறிப்பு. சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் கேட்டுக் கேட்டு, பல ராத்திரிகள் யூடியூபில் கண்மண் தெரியாமல் அலைந்த பிறகு எனக்கு ஒரு வரிசை பிடிபட்டது. அந்த வரிசையில் போனால் பெரும்பாலான படங்கள் ஓரிரு மாலைகளில் கிடைத்துவிடும். இதற்குச் செலவாவது கொஞ்சம் மொபைல் டேட்டா மட்டும்தான். கடைசிப் படி வரை போகவேண்டி வந்தால் நூலகத்துக்குப் போய்வரும் செலவும் சேரும்.

வழி நெடுக ஓர் உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். என் சித்தி மகன் கேட்ட படம் அது. அவன் சொன்னது இவ்வளவுதான்: "அக்கா, ஒருத்தன் ஒரு சின்னப் பொண்ண சைக்கிள் முன்னாடி பார்ல உக்கார வச்சு மிதிச்சிட்டுப் போறான். பின்னாடியே கார் துரத்துது. ரகுவரன் வில்லன். ஹீரோ பேரு சிவான்னு நெனக்கிறேன், ஆனா ஆளு யாருன்னு தெரியல. சின்ன வயசுல தாத்தா வீட்டு டிவியில பாத்தேன்."

1. போனைத் திறக்கும் முன் எழுதி வாங்குங்கள்

அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு தாளும் பேனாவும் போதும். இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேரே தேட உட்கார்ந்தால் பின்னால் பல மணி நேரம் வீணாகும். காரணம் எளியது. தேடத் தொடங்கியதுமே நாலைந்து படங்களின் போஸ்டர்களும் துண்டுக் காட்சிகளும் கண்ணில் படும். அதன்பிறகு எது பழைய நினைவு, எது இப்போது பார்த்தது என்று உங்களாலேயே பிரித்துச் சொல்ல முடியாது.

தாளை இரண்டாகப் பிரியுங்கள். கண்ணால் கண்டது, காதால் கேட்டது ஒரு பக்கம். ஊகித்தது மறுபக்கம். சித்தி மகன் சொன்னதில் சைக்கிள், பாரில் உட்கார்ந்த சிறுமி, துரத்தும் கார், ரகுவரன் முகம் எல்லாம் முதல் பக்கம் போயின. ரகுவரன் 'வில்லன்' என்பதும் ஹீரோ பெயர் 'சிவா' என்பதும் இரண்டாம் பக்கம். படத்தை முழுவதும் பார்த்த ஞாபகம் இல்லாதவர் ஒருவரை வில்லன் என்று சொல்வது பெரும்பாலும் அந்த நடிகரை வேறு படங்களில் பார்த்த பழக்கத்தில் வருவது.

ஞாபகத்தைக் கேட்கும்போது விடையைக் கேள்விக்குள் வைக்காதீர்கள். "அந்தப் பொண்ணு அவனோட தங்கச்சியா?" என்று கேட்டால் "ஆமா, தங்கச்சிதான்" என்று வரும். "அந்தப் பொண்ணு யாரு?" என்று கேட்டேன். "தெரியல, ஆனா வீட்டுப் பொண்ணுதான், அவன்கூட ஒட்டிக்கிட்டு இருந்தா" என்றான். அதைத்தான் எழுத வேண்டும். பிறகு, "வேற எதாவது? சின்னதா இருந்தாலும் சொல்லு" என்று காத்திருந்தபோது இன்னொன்று வந்தது: யாரோ சைக்கிள் செயினைக் கையால் பிய்த்து எடுத்து அதை வைத்தே அடிக்கிறார்கள், இடம் காலேஜ் மாதிரி இருந்தது. முதலில் சொன்ன காட்சியைவிடப் பயன்பட்டது இப்படிக் காத்திருந்து கிடைத்த இதுதான்.

இந்தத் தாளில் ஓரிரு விவரங்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். அவற்றைத் தேடலுக்குப் பயன்படுத்தக் கூடாது. கடைசியில் படத்தைச் சரிபார்க்க அவை வேண்டும். நான் ஒதுக்கி வைத்தது அந்தச் சிறுமி சைக்கிளில் முன்பக்கம் உட்கார்ந்திருந்தாள் என்பதை. பின்னால் கேரியரில் அல்ல, முன்னால் பாரில்.

2. எப்போது, எதில் பார்த்தார் என்பதை வைத்து ஆண்டுக்கு எல்லை கட்டுங்கள்

பார்த்த ஆண்டு படம் வந்த ஆண்டு அல்ல. அது மேல் எல்லை மட்டுமே. 1996இல் டிவியில் பார்த்தது 1996க்கு முன் வந்த எந்தப் படமாகவும் இருக்கலாம். ஆனால் எந்த வழியில் பார்த்தார் என்பது தேடலைக் கணிசமாகச் சுருக்கும்.

சன் டிவி தொடங்கியது 1993 ஏப்ரலில். அதற்கு முன் வீட்டு டிவியில் படம் என்றால் பெரும்பாலும் தூர்தர்ஷன்தான், அல்லது வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட். "கேபிள் வந்ததுக்கு அப்புறம்" என்று சொன்னால் 90களின் நடுப்பகுதி. "ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கீழே இங்கிலீஷ்ல எழுத்து ஓடிச்சு" என்று சொன்னால் உடனே நிமிர்ந்து உட்காருங்கள். அது டெல்லி தூர்தர்ஷன் ஒளிபரப்பிய மாநில மொழிப் படமாக இருக்க வாய்ப்பு அதிகம். மலையாளமோ வங்காளமோ கன்னடமோ, அநேகமாக விருது வாங்கிய படம். தமிழ்ப் படப் பட்டியல்களில் நாள் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

ஆண்டு நினைவில்லாதவர்களிடம் ஆண்டைக் கேட்காதீர்கள். அப்போது எந்த வகுப்பு, எந்த வீடு, யார் பக்கத்தில் இருந்தார்கள், வீட்டில் கலர் டிவி வந்துவிட்டதா என்று கேளுங்கள். சித்தி மகன் மூன்றாம் வகுப்பு என்றான், தாத்தா வீட்டில் கேபிள் இருந்தது என்றான். ஆக மேல் எல்லை 1996, 97. கார்களின் வடிவத்தையும் பேண்ட் தைத்திருந்த விதத்தையும் வைத்துக் கீழ் எல்லையை 1985 என்று வைத்துக்கொண்டேன். ரகுவரன் நடிக்க வந்ததே 80களில்தான் என்பதும் அதோடு பொருந்தியது.

3. அது தமிழ்ப் படம்தானா என்று முடிவு செய்யுங்கள்

பலரும் சிக்கிக்கொள்ளும் இடம் இது. தமிழில் வசனம் கேட்டோம், தமிழ் நடிகர்களைப் பார்த்தோம், ஆகவே தமிழ்ப் படம் என்று நினைத்துவிடுகிறோம். 80களின் கடைசியிலிருந்து தெலுங்குப் படங்கள் தமிழில் டப் ஆகி இங்கே நன்றாக ஓடின. டிவியிலும் திரும்பத் திரும்ப வந்தன.

நான் முதலில் பார்ப்பது ஒரே ஓர் அறிகுறியைத்தான். வில்லனையோ குணச்சித்திர நடிகரையோ ஹீரோயினையோ அடையாளம் தெரிகிறது, ஆனால் ஹீரோவைத் தெரியவில்லை. நேரடித் தமிழ்ப் படமாக இருந்தால் பெரும்பாலும் நேர்மாறாக இருக்கும், ஹீரோ முகம்தான் முதலில் ஞாபகத்துக்கு வரும். "ரகுவரன் தெரியுது, ஹீரோ யாருன்னு தெரியல" என்று சித்தி மகன் சொன்னதுமே டப்பிங் என்று தாளின் ஓரத்தில் எழுதிவிட்டேன்.

அடுத்தது உதடு. தெலுங்குச் சொற்கள் பெரும்பாலும் உயிரொலியில் முடியும், நம்முடையவை ன், ம், ர், ள் என்று நிற்கும். அதனால் டப்பிங் படத்தில் தமிழ் வாக்கியம் முடிந்த பிறகும் வாய் திறந்தபடியே இருப்பதைப் பார்க்கலாம். பெரியவர்களுக்கு இது நினைவில் இருக்காது. ஆனால் துண்டுக் காட்சி கையில் கிடைத்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். தெரிந்த நடிகர் தெரியாத குரலில் பேசினால் அதுவும் ஓர் அறிகுறி.

மூன்றாவது எழுத்துகள். கடைப் பலகை, பஸ்ஸின் பக்கவாட்டு எழுத்து, போலீஸ் ஸ்டேஷன் பலகை, வண்டி எண். 1989 ஜூலைக்குப் பிறகு பதிவான வண்டி என்றால் AP, KL, TN என்று மாநிலத்தைச் சொல்லிவிடும். அதற்கு முந்தைய வண்டிகளில் எழுத்துகள் வேறு வரிசையில் இருக்கும். ஆந்திர வண்டிகளில் முதல் எழுத்து A, கேரள வண்டிகளில் K. கையில் எடுத்துப் படிக்கும் கடிதத்தையும் செய்தித்தாளையும் மட்டும் நம்பாதீர்கள். அந்த நெருக்கக் காட்சியைத் தமிழில் தனியாக எடுத்து ஒட்டுவது டப்பிங்கில் வழக்கம்.

4. முகங்களைப் பெயராக மாற்றுங்கள்

தெரிந்த பெயர் ஒன்று மட்டும் இருந்தால் போதாது. ரகுவரன் நடித்த படங்கள் நூற்றுக்கு மேல், பல மொழிகளில். ஒன்றொன்றாகப் பார்க்க ஆரம்பித்தால் மாதக் கணக்கில் ஆகும். இரண்டாவது முகம் வேண்டும்.

அதற்கு, அந்தக் காலத்தில் நடித்துக்கொண்டிருந்த ஆறேழு நடிகைகளின் படங்களை வரிசையாக வைத்துக் காட்டுங்கள். ஒரே ஒருவரின் படத்தைக் காட்டி "இவங்களா?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் பதில் வரும். பல படங்களைக் காட்டும்போதும், "இவங்கள்ல யாரும் இல்லாமலும் இருக்கலாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். படங்கள் அந்த ஆண்டுகளைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். அம்மா வேடத்துக்கு மாறிய பிறகு எடுத்த படத்தைக் காட்டினால் சிறுவயதில் பார்த்த முகத்தோடு பொருந்தாது.

சித்தி மகன் ரேவதி, நதியா, அமலா, கௌதமி, பானுப்பிரியா, குஷ்பு வரிசையில் அமலாவின் மேல் விரல் வைத்தான். உறுதியாகச் சொல்லவில்லை. "இவங்க கண்ணு மாதிரி" என்றான். இரண்டாம் பக்கத்தில் கேள்விக்குறியோடு எழுதிக்கொண்டேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. முகத்தைவிடப் பெயர்தான் அதிகம் குழம்பும். நாசரையும் ரகுவரனையும் மாற்றிச் சொல்பவர்கள், சரண்ராஜையும் தேவராஜையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. அதனால் பெயர் சொன்னவருக்கும் படத்தைக் காட்டி, "நீங்க சொன்ன ஆள் இவர்தானா?" என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

5. இரண்டு பட்டியல்களை ஒன்றின் மேல் ஒன்று வையுங்கள்

இப்போது போனைத் திறக்கலாம். ஒரு மாலை நேரம் போதும்.

விக்கிப்பீடியாவில் பெரும்பாலான நடிகர்களுக்கு ஆண்டு, படம், மொழி மூன்றும் உள்ள திரைப்படப் பட்டியல் இருக்கும். இரண்டு பேரின் பட்டியலையும் திறந்து, நீங்கள் எல்லை கட்டிய ஆண்டுகளை மட்டும் பார்த்து, இரண்டிலும் வரும் படங்களைத் தாளில் எழுதுங்கள். ஐஎம்டிபியில் இதைத் தானாகவே செய்யும் பக்கம் ஒன்று உண்டு, கட்டணம் கிடையாது. நடிகர் பெயர் கேட்கும் கட்டத்தில் இரண்டு பெயர்களையும் கொடுத்தால் இருவரும் சேர்ந்து நடித்த படங்கள் மட்டும் வரும்.

```
https://www.imdb.com/search/title/
```

ஒரு நடிகர்கூடத் தெரியாவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது. மொழியும் ஆண்டும் கொடுத்துத் தேடி, போஸ்டர்களை மட்டும் புரட்டிப் பாருங்கள். கீழே உள்ளது 1986 முதல் 1993 வரையிலான தெலுங்குப் படங்களுக்கானது. தமிழுக்கு `te` என்பதை `ta` என்றும் மலையாளத்துக்கு `ml` என்றும் மாற்றிக்கொள்ளலாம்.

```
https://www.imdb.com/search/title/?title_type=feature&release_date=1986-01-01,1993-12-31&languages=te
```

இனி உதாரணத்துக்கு வருவோம். ரகுவரன், ஹீரோ பெயர் சிவா, 80களின் கடைசி. இந்த மூன்றையும் தமிழில் தேடினால் முதலில் வந்து நிற்பது 1989இல் ரஜினிகாந்த் நடித்து, அமீர்ஜான் இயக்கிய 'சிவா'. அதில் ரகுவரன் உண்டு. ஹீரோ பெயரும் சரி, ஆண்டும் சரி. பலர் இங்கேயே தேடலை நிறுத்திவிடுவார்கள்.

நிறுத்தக் கூடாது, காரணம் தாளிலேயே இருக்கிறது. அது ரஜினி படமாக இருந்திருந்தால் 90களில் வளர்ந்த ஒரு பையன் ஹீரோ யாரென்று தெரியவில்லை என்று சொல்லியிருக்கவே மாட்டான். தவிர அந்தப் படத்தில் ஜோடி ஷோபனா, அமலா அல்ல. ரகுவரன் அதில் ரஜினியின் நண்பராக வருகிறார். காலேஜும் சைக்கிள் செயினும் அங்கே இல்லை. மூன்று விவரம் பொருந்தினாலும், அழுத்தமான ஒரு விவரம் பொருந்தவில்லை என்றால் அந்தப் படத்தைத் தள்ளி வையுங்கள். பெயர், ஆண்டு, வில்லன் எல்லாம் பல படங்களுக்குப் பொதுவாக அமையக்கூடியவை. சைக்கிள் செயின் அப்படி அல்ல.

ரகுவரனின் தெலுங்குப் பட்டியலுக்குப் போனால் அதே 1989இல் இன்னொரு 'சிவா' இருக்கிறது. ராம் கோபால் வர்மாவின் முதல் படம். நாகார்ஜுனா, அமலா, ரகுவரன். கல்லூரி மாணவன் ஒருவன் ஊர் தாதாவின் ஆட்களோடு மோதுகிற கதை. கல்லூரிக்குள் நடக்கும் சண்டையில் அவன் சைக்கிள் செயினைப் பிய்த்து எடுப்பது அந்தப் படத்தின் பேர்பெற்ற காட்சி. ஹீரோ முகம் ஏன் தெரியாமல் போனது என்பதும் இப்போது விளங்கிவிட்டது. அந்தத் தாத்தா வீட்டு டிவியில் நாகார்ஜுனாவை அவன் அதற்கு முன் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. ரகுவரனும் அமலாவும் நேரடித் தமிழ்ப் படங்களில் நடித்துக்கொண்டிருந்தவர்கள்.

6. தமிழில் என்ன பெயரில் வந்தது என்று பாருங்கள்

மூலப் படம் கிடைத்தது பாதி வேலை. நீங்கள் பார்த்தது தமிழ் வடிவம். அதற்கு வேறு பெயர் இருக்கும், மூலப் பெயரிலிருந்து அதை ஊகிக்கவும் முடியாது. தெலுங்கில் 'அங்குசம்' தமிழில் 'இதுதாண்டா போலீஸ்' ஆனது. 'கர்த்தவ்யம்' தமிழில் 'வைஜெயந்தி ஐ.பி.எஸ்.'. மணிரத்னம் தெலுங்கில் எடுத்த 'கீதாஞ்சலி' இங்கே 'இதயத்தைத் திருடாதே'. தெலுங்கு 'சிவா' தமிழுக்கு வந்தபோது அதன் பெயர் 'உதயம்'.

தமிழ்ப் பெயரை எடுக்க, மூலப் படத்தின் விக்கிப்பீடியா பக்கத்தில் முதல் இரண்டு பத்திகளையும் வெளியீடு பற்றிய பகுதியையும் படியுங்கள். டப்பிங் பெயர் பெரும்பாலும் அங்கேதான் ஒரே வரியில் இருக்கும். அங்கே இல்லாவிட்டால் இப்படித் தேடுங்கள்:

```
"Nagarjuna" "Raghuvaran" 1989 "Tamil dubbed as"
```

ஆண்டுவாரித் தமிழ்ப் படப் பட்டியல்களில் டப்பிங் படங்கள் பெரும்பாலும் இருக்காது. அங்கே இல்லை என்பதற்காகப் படமே இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

பெயர் கிடைத்த பிறகும் ஒரு தொல்லை உண்டு. 'உதயம்' என்று மட்டும் தேடினால் சென்னை அசோக் நகர் தியேட்டரும் 2013இல் சித்தார்த் நடித்த 'உதயம் NH4'உம் வந்து மூடிக்கொள்ளும். 'சிவா' என்று தேடினால் ரஜினி படம் வரும். நாகார்ஜுனாவே நடித்து 1990இல் வந்த இந்தி வடிவம் வரும். போலீஸ் கதையாக ராம் கோபால் வர்மா 2006இல் இந்தியில் எடுத்த, இதோடு தொடர்பில்லாத 'சிவா'வும் வரும். அதனால் பெயரோடு ஒரு நடிகரையும் ஆண்டையும் சேர்த்தே தேடுங்கள்: `Udhayam Nagarjuna 1989`. ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒரே மாதிரி இருக்காது. `Udayam` என்றும் போட்டுப் பாருங்கள். இதைச் செய்யாததால் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த படத்தைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

யூடியூபில் ஏற்றுகிறவர்கள் டப்பிங் படங்களுக்குத் தாங்களாகவே புதுப் பெயர் வைப்பதும் உண்டு. முகப்பில் இருக்கும் படத்தில் வேறு ஹீரோ நிற்பார். அந்தப் பெயரையோ ஆண்டையோ ஆதாரமாக எடுக்காதீர்கள். கீழே கருத்து எழுதியவர்களைப் படிப்பது அதைவிடப் பயனுள்ளது. உண்மையான பெயரை யாராவது ஒருவர் அங்கே எழுதியிருப்பார்.

7. சரிபார்க்காமல் சொல்லிவிடாதீர்கள்

முதல் படியில் ஒதுக்கி வைத்த விவரம் இப்போது வேண்டும். படம் கிடைத்துவிட்டது என்று நினைப்பவரிடம் கதைச்சுருக்கத்தைப் படிக்கக் கொடுத்தால், "ஆமா ஆமா, இதேதான்" என்பார். அது ஆதாரம் அல்ல. ஒதுக்கி வைத்த விவரம் திரையில் இருக்கிறதா என்று நீங்கள் தனியாகப் பார்க்க வேண்டும்.

நான் பார்த்தபோது, நாகார்ஜுனா மிதிக்கும் சைக்கிளில் அவருடைய அண்ணன் மகள் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறாள், பின்னால் கார் வருகிறது. கேரியரில் உட்கார்ந்திருந்தால் வேறு படமோ என்று இன்னொருமுறை யோசித்திருப்பேன். அதன்பிறகுதான் சித்தி மகனுக்கு அந்தக் காட்சியை மட்டும், பெயர் சொல்லாமல் அனுப்பினேன். "அக்கா, இதேதான். ஆனா இந்தத் தெரு இவ்ளோ சின்னதா இருந்ததா ஞாபகம் இல்ல" என்று எழுதினான். இப்படி ஒரு சின்ன முரணோடு வரும் ஆமோதிப்பைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். அவன் தன் நினைவோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறான் என்று அதிலிருந்து தெரிகிறது.

சரிபார்க்க முழுப் படத்தையும் ஓட்ட வேண்டாம். 480 தரத்தில் ஒரு மணி நேரப் படம் ஏறக்குறைய அரை ஜிபி டேட்டா தின்னும். மூன்று மணி நேரப் படம் ஒன்றை முழுதாகப் பார்த்தாலே அன்றாட டேட்டா பெரும்பாலும் தீர்ந்துவிடும். முதல் பத்து நிமிடம், இடைவேளைக்கு முன்பின், கடைசிக் கால் மணி நேரம், இவற்றை மட்டும் குறைந்த தரத்தில் தள்ளித் தள்ளிப் பாருங்கள்.

படத்தின் முதல் சில நொடிகளை மட்டும் தவிர்க்காதீர்கள். சென்சார் சான்றிதழ் அங்கேதான் வரும். படத்தின் பெயர், மொழி, தேதி, ரீல்களின் எண்ணிக்கை, நீளம் எல்லாம் அதில் இருக்கும். படம் பற்றி நம் கைக்கு எளிதில் கிடைக்கும் அரசு ஆவணம் இது. டப்பிங் படத்துக்குத் தனிச் சான்றிதழ் என்பதால் அதில் உள்ள தேதி மூலப் படத்தின் தேதியாக இருக்காது. உங்கள் மேல் எல்லையோடு ஒப்பிட வேண்டியது தமிழ்ச் சான்றிதழின் தேதியைத்தான். ஏற்றியவர்கள் அதை வெட்டியிருந்தால் வேறு பதிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

காட்சி இல்லை என்பதாலேயே படத்தைத் தள்ளிவிட வேண்டாம். டிவிக்காகவும் யூடியூபுக்காகவும் வெட்டிய வடிவங்கள் ஏராளம். தமிழ் வடிவத்தில் காட்சி இல்லையென்றால் மூல மொழிப் படத்தில் அதே இடத்தைப் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால்தான் விலக்கலாம்.

8. எங்கும் கிடைக்கவில்லை என்றால்

முதலில் தாளுக்கே திரும்புங்கள். பெரும்பாலும் இரண்டு படங்கள் ஒன்றாக ஒட்டியிருக்கும். ஒரே வாரத்தில் டிவியில் பார்த்தவை, ஒரே நடிகர் நடித்தவை, இப்படி. காட்சியையும் நடிகரையும் பிரித்து, காட்சியை மட்டும் வைத்து ஒரு தேடல், நடிகரை மட்டும் வைத்து ஒரு தேடல் என்று தனித்தனியாகச் செய்யுங்கள்.

அடுத்தது மனிதர்கள். தியேட்டரில் ஆபரேட்டராக இருந்தவர், வீடியோ கடை வைத்திருந்தவர், விடாமல் படம் பார்க்கிற பெரியம்மா. அவர்களுக்கு அனுப்பும் செய்தியை இந்த மாதிரி எழுதுங்கள்: "கலர் படம். தமிழில் கேட்டது, டப்பிங்காக இருக்கலாம். 1996 வாக்கில் கேபிளில் பார்த்தது, அதற்குப் பல வருடம் முன் வந்திருக்கலாம். காலேஜில் சண்டை, சைக்கிள் செயினைப் பிய்த்து அடிக்கிறார்கள். உறுதி: ரகுவரன். சந்தேகம்: அமலா. ரஜினியின் சிவா அல்ல." கடைசி வாக்கியத்தை விடாதீர்கள். ஏற்கெனவே விலக்கிய படத்தைச் சொல்லாவிட்டால் வரும் பதில்களில் பாதி அதுவாகவே இருக்கும்.

இதற்கும் கிடைக்காதவை பெரும்பாலும் 60, 70களில் வந்து ஓடாமல் போன சிறு படங்கள். அவற்றில் பலவற்றுக்கு இணையத்தில் வீடியோவே இல்லை. அங்கே காகிதம்தான் துணை. பிலிம் நியூஸ் ஆனந்தன் தொகுத்து 2004இல் வந்த 'சாதனைகள் படைத்த தமிழ்த் திரைப்பட வரலாறு' ஆண்டுவாரியாகப் படங்களைத் தருகிறது. பெரிய நூலகங்களில் கேட்டுப் பாருங்கள். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய சினிமாப் பாட்டுப் புத்தகங்களும் பத்திரிகைகளும் இருக்கின்றன. பாட்டுப் புத்தகத்தில் நடிகர் பட்டியலும் கதைச்சுருக்கமும் இருக்கும். சுருக்கம் முடிவைச் சொல்லாமல் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நின்றுவிடும், ஆனால் அடையாளம் காண அது போதும். புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்திலும் பாட்டுப் புத்தகங்களும் சுவரொட்டிகளும் ஸ்டில்களும் உண்டு.

நூலகத்துக்கு நேரே போய் நின்று "ஒரு படம், பேர் தெரியாது" என்று கேட்டால் அவர்களால் உதவ முடியாது. இரண்டு ஆண்டு இடைவெளிக்குள் சுருக்கி, ஒரு நடிகர் பெயரோடு போங்கள். முந்தைய நாளே போன் செய்து, எந்த நேரத்தில் பார்க்கலாம், அடையாள அட்டை என்ன வேண்டும், நகல் எடுக்க என்ன கட்டணம், போனில் படம் எடுக்க அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு முழு நாளை அதற்கென்று வையுங்கள். நாளிதழ் தொகுப்பு பார்ப்பதாக இருந்தால் பொங்கல், தமிழ்ப் புத்தாண்டு, தீபாவளி வாரங்களின் சினிமா விளம்பரப் பக்கங்களை முதலில் கேளுங்கள். சிறு படங்கள் அந்தக் கூட்டத்தில் சிக்காமல், விழா முடிந்த இரண்டு மூன்று வாரம் கழித்து வருவதும் உண்டு. அதனால் அடுத்த மாதத்துப் பக்கங்களையும் சேர்த்தே எடுத்துத் தரச் சொல்லுங்கள்.